"இன்னொன்னுக்கும் அதே மாதிரி பண்ணிடுங்க"ன்னு மெசேஜ் வந்தா எதை எடுக்குறது, என்ன பண்றது

ஷீட், ரிப்போர்ட், பில்லுன்னு அடுத்தவங்க சொல்லச் சொல்ல செஞ்சு குடுக்குற வேலைக்குப் புதுசா வந்திருக்கீங்கன்னா இந்த வரி உங்களுக்கும் சீக்கிரமே வரும். நாலஞ்சு விஷயம் பேசி முடிச்சு, அதுல ஒன்னை நீங்க செஞ்சு அனுப்பி, அவங்களும் நல்லாருக்குன்னு சொல்லிட்டு, "இன்னொன்னுக்கும் அதே மாதிரி பண்ணிடுங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. அவங்க மனசுல அந்த "இன்னொன்னு" எதுன்னு தெளிவா இருக்கும். நமக்குத்தான் இருக்காது, இருக்குன்னு நாமளா நினைச்சுக்குவோம்.

நான் நினைச்சுக்கிட்டு தப்பான ஃபைலை எடுத்து மூணு மணி நேரம் உக்காந்து வேலை பாத்தேன். அது குடோன்காரங்களும் திறந்து எழுதிட்டிருந்த ஷேர் ஃபைல் வேற, நான் அழிச்ச வரிகள்ல அவங்க அன்னைக்கு எண்ணிப் போட்ட கணக்கும் சேந்து போச்சு, மறுநாள் காலையில அவங்க திரும்ப எண்ண வேண்டியதாப் போச்சு. யாரும் பெருசா திட்டல, ஆனா ஒரு வாரம் நான் குடோன் பக்கமே போகல. அதுக்கப்புறம் இந்த மாதிரி மெசேஜ் வந்தா என்ன வரிசையில பாக்குறதுன்னு எனக்கே ஒரு வழக்கம் வெச்சுக்கிட்டேன், அதைத்தான் கீழ எழுதிருக்கேன். அதே கேஸையே உதாரணமா எடுத்துக்குறேன், நம்பரை மட்டும் மாத்திருக்கேன்.

கேஸ் இதுதான். மேடம் காலையில மூணு ஃபைல் அனுப்புறாங்க: வடக்கு கிளை விற்பனை, தெற்கு கிளை விற்பனை, சரக்கு இருப்பு. முதல்ல வடக்கை எடுங்கன்னு சொல்லி, டூப்ளிகேட் வரியை எடுக்கணும், தேதி எல்லாம் நாள்-மாசம்-வருஷம்னு இருக்கணும், கடைசியில டோட்டல் போடணும், 5 சதவீதம் தள்ளுபடிக்கு ஒரு காலம், அதாவது நெடுவரிசை, சேக்கணும்ங்குறாங்க. நடுவுல தெற்கு பத்தி பேச்சு வருது, ரெண்டு பில்லு விட்டுப்போச்சு, கேட்டு அனுப்புறேன்னு சொல்றாங்க. நாம வடக்கை அனுப்புறோம். பாத்துட்டு, டோட்டலை கீழ வேணாம் மேல வெச்சிடுங்க, ஒரு கஸ்டமர் பேரு ரெண்டு விதமா வந்திருக்கு அதை ஒன்னாக்கிடுங்கன்னு வருது. அதையும் மாத்தி அனுப்புறோம். அப்புறம் சரக்கு ஷீட்டு பத்தி ரெண்டு நிமிஷம் பேச்சு, அதுல எண்ணிக்கை காலம் குடோன்ல இருந்து போடுவாங்க, ரேக் நம்பர் சரியில்லன்னு ஏதோ. அதுக்கப்புறம்தான் அந்த மெசேஜ்: "வடக்கு சூப்பர். இன்னொன்னுக்கும் அதே மாதிரி பண்ணிடுங்க, சாயங்காலத்துக்குள்ள வேணும்."

1. ஃபைலைத் திறக்காதீங்க, மெசேஜை ரெண்டா உடைங்க

இந்த ஒரு வரிக்குள்ள ரெண்டு தனித்தனி கேள்வி இருக்கு. "இன்னொன்னு" எதுங்குறது ஒன்னு, "அதே மாதிரி"ன்னா எதெதைச் செய்யணும்ங்குறது இன்னொன்னு. நிறைய பேர் முதல் கேள்விக்கு மட்டும் பதில் கண்டுபுடிச்சிட்டு வேலையில இறங்கிடுவாங்க, ஃபைல் சரியா இருக்கும், உள்ள செஞ்சது தப்பா இருக்கும். ரெண்டுக்கும் தனியா பதில் வெச்சுக்கிட்டுத்தான் மவுஸையே தொடணும்.

2. பேசினது எல்லாத்தையும் ஒரு துண்டுப் பேப்பர்ல இறக்குங்க (5 நிமிஷம்)

உங்களுக்கு வேண்டிய டாக்குமெண்ட் மூணுதான்: அன்னைக்கு நடந்த பேச்சு முழுசும், அவங்க அனுப்புன ஒரிஜினல் ஃபைல்கள், நீங்க கடைசியா அனுப்பி அவங்க ஓகே சொன்ன ஃபைல். பேச்சை மேல இருந்து படிங்க, கடைசி பத்து மெசேஜ் மட்டும் பாத்தா போதும்னு நினைக்காதீங்க, என் தப்பே அங்கதான் ஆரம்பிச்சுது. ஃபோன்ல பேசினது இருந்தா அதையும் ஞாபகப்படுத்தி எழுதிடுங்க.

எழுதுறது பெருசா ஒன்னும் இல்ல. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி, அது இப்ப எந்த நிலையில இருக்குன்னு பக்கத்துல. நம்ம கேஸ்ல வடக்கு, முடிஞ்சது, ஓகே ஆச்சு. தெற்கு, இன்னும் தொடல, ரெண்டு பில்லு வரணும். சரக்கு, தொடல, எண்ணிக்கை காலம் குடோனோடது. அவ்வளவுதான். நிலையை எழுதுறதுதான் இதுல முக்கியம், ஏன்னா "இன்னொன்னு"ங்குற வார்த்தை முடிஞ்சது ஒன்னு, முடியாதது ஒன்னுன்னு பிரிச்சு வெச்சிட்டுத்தான் பேசுது. முடிஞ்சது தானாவே வெளிய போயிடும், மிச்சம் இருக்குறதுலதான் தேடணும்.

3. "இன்னொன்னு" எதுன்னு புடிக்கிறது

மிச்சம் ரெண்டு: தெற்கு, சரக்கு. இங்கதான் எல்லாரும் வழுக்கி விழுறது. கடைசியா எதைப் பத்திப் பேசுனோமோ அதுதான்னு மனசு தானா போய் ஒட்டிக்கும். நான் சரக்கை எடுத்தது அதனாலதான், மெசேஜுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி அதைப் பத்தித்தானே பேசிட்டிருந்தோம். "அது", "இது"ன்னு தனியா வந்தா கடைசியா பேசுனதுன்னு எடுத்துக்குறது பெரும்பாலும் சரியா வரும். "இன்னொன்னு" அப்படி இல்ல, அது ஒரு ஜோடியைத் தேடுற வார்த்தை. எதுக்கு ஜோடியா இன்னொன்னுன்னு கேக்கணும். மெசேஜ்லயே பதில் இருக்கு, "வடக்கு சூப்பர்"னு ஆரம்பிச்சிருக்காங்க, அப்ப வடக்குக்கு ஜோடி எதுன்னு பாக்கணும். கிளை விற்பனைக்கு ஜோடி இன்னொரு கிளை விற்பனைதான். சரக்கு ஷீட்டு அதே நாள் வந்த ஃபைல்தான், ஆனா ஜோடி இல்ல.

இன்னொரு சோதனையும் இருக்கு, எனக்கு இதுதான் அதிகமா கைகுடுக்குறது. செஞ்ச வேலையை ஒவ்வொன்னா எடுத்து அந்த ஃபைல் மேல வெச்சுப் பாருங்க, உக்காருதான்னு. டூப்ளிகேட் பில்லு எடுக்குறது, சரக்குல பில்லே இல்ல. தேதி மாத்துறது, சரக்குல தேதி காலமே இல்ல. தள்ளுபடி, சரக்குல எதுக்கு? நாலு வேலையில மூணு உக்காரலன்னா அது அந்த ஃபைல் இல்ல. அன்னைக்கு நான் என்ன பண்ணேன் தெரியுமா, உக்காரலன்னு தெரிஞ்சும், தேதி இல்லாததால தேதியை விட்டுட்டேன், பில் நம்பர் இல்லாததால பொருள் பேரை வெச்சு டூப்ளிகேட் எடுத்தேன். ஒரே பொருள் ரெண்டு ரேக்ல இருக்கும்ல, அது ரெண்டு வரியா இருக்கும்ல, அதுல ஒன்னைத் தூக்கிட்டேன். வேலையை வளைச்சு நெளிச்சு ஃபைலுக்குள்ள திணிக்க ஆரம்பிச்சோம்னாலே தப்பான ஃபைல்ல இருக்கோம்னு அர்த்தம், அந்த இடத்துலயே நிறுத்திடணும்.

அப்புறம் வார்த்தையைக் கொஞ்சம் உத்துப் பாருங்க, நம்ம தமிழ்ல இதுக்குன்னே சில பொறி இருக்கு.

"இன்னொன்னு"ங்குறது "இன்னும் ஒன்னு". ஏற்கனவே பேசுன ரெண்டுல மிச்சம் இருக்குறதும் இன்னொன்னுதான், புதுசா வரப்போறதும் இன்னொன்னுதான். அதனால மெசேஜோட சேந்தோ அடுத்த நிமிஷத்துலயோ புது ஃபைல் ஏதாவது வந்திருக்கான்னு ஒரு தடவை பாத்துக்குங்க. "இன்னொன்னு அனுப்பிருக்கேன், அதுக்கும்..."னு வர்றதை நாம பாதி படிச்சிட்டு ஓடுறது உண்டு.

"மத்ததுக்கும்"னு வந்தா நம்பிக்கை வைக்காதீங்க. மிச்சம் ஒன்னு இருந்தாலும் மத்ததுதான், அஞ்சு இருந்தாலும் மத்ததுதான். "மத்த ஷீட்டுக்கும்"னு சொன்னாலும் அப்படித்தான், மனுசங்க இல்லாததுக்கு பேச்சுல நாம பெரும்பாலும் "கள்" போடுறதில்ல. "மத்ததுக்கெல்லாம்"னு வந்தா மட்டும் ஒன்னுக்கு மேலன்னு தைரியமா எடுத்துக்கலாம். நம்ம கேஸ்ல "மத்ததுக்கும்"னு வந்திருந்தா தெற்கும் சரக்கும் ரெண்டுமேன்னு ஒருத்தர் எடுத்துக்கிட்டா அவரைக் குத்தம் சொல்ல முடியாது, கேட்டே ஆகணும். "இன்னொன்னு" வந்ததால ஒன்னே ஒன்னுதான்னு தெரிஞ்சுது.

"ரெண்டாவதுக்கும்"னு வந்தா, எந்த வரிசையில ரெண்டாவது? அனுப்புன வரிசையா, பேசுன வரிசையா, அவங்க ஸ்கிரீன்ல தெரியுற வரிசையா? ஃபோல்டர்ல பேரு வரிசையில அடுக்கியிருந்தா அவங்களுக்கு ரெண்டாவதா தெரியுறது உங்களுக்கு மூணாவதா இருக்கும். இதுக்கு ஊகமே வேணாம், ஃபைல் பேரைச் சொல்லிக் கேட்டுடுங்க.

அந்த "உம்" எங்க ஒட்டியிருக்குன்னும் பாருங்க. "தெற்குக்கும் டோட்டல் போடுங்க"ன்னா வடக்குக்குப் போட்ட மாதிரி தெற்குக்கும். "தெற்குக்கு டோட்டலும் போடுங்க"ன்னா தெற்குல வேற என்னவோ செய்யச் சொல்லிருக்காங்க, அதோட டோட்டலும். ரெண்டாவது மாதிரி வந்துச்சுன்னா நீங்க ஒரு மெசேஜை விட்டுட்டீங்கன்னு அர்த்தம், மேல போய்த் தேடுங்க.

4. "அதே மாதிரி"ன்னா எது வரைக்கும் அதே

இதுதான் பெரிய வேலை, ஃபைலைக் கண்டுபுடிக்கிறது இதுக்கு முன்னாடி ஒன்னுமே இல்ல.

முதல்ல, காலையில அவங்க சொன்ன லிஸ்ட்டை எடுக்காதீங்க. அவங்க கடைசியா பாத்து ஓகே சொன்ன ஃபைல் எப்படி இருக்கோ அதுதான் "அதே". காலையில டோட்டலைக் கீழ போடுன்னாங்க, அப்புறம் மேல வைன்னாங்க. லிஸ்ட்டைப் பாத்துச் செஞ்சா தெற்குல டோட்டல் கீழ போயிடும், ஒரு தடவை சொன்னதைத் திரும்பச் சொல்ல வெச்சிட்டியேன்னு அவங்களுக்கு எரிச்சல் வரும். அதனால முடிஞ்ச வடக்கு ஃபைலைப் பக்கத்துல திறந்து வெச்சு, அதைப் பாத்து என்னென்ன மாறியிருக்குன்னு எழுதுங்க.

எழுதுனதும், அதுல எது வழக்கமான வேலை, எது அந்த ஃபைலுக்கு மட்டும் பண்ண ஒட்டுன்னு பிரிக்கணும். அந்தக் கஸ்டமர் பேரை ஒன்னாக்குனது வடக்குல இருந்த ஒரு தப்பைத் திருத்துனது. தெற்குல அந்தக் கஸ்டமரே இல்லாம இருக்கலாம். ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு எண்ணம் இருக்கு, ஒரே ஆளு ரெண்டு பேருல வரக்கூடாதுன்னு. தெற்குல அப்படி ஏதாவது கண்ணுல பட்டா நான் மாத்த மாட்டேன், மஞ்சள் அடிச்சு வெச்சிட்டுச் சொல்லுவேன். ஏன்னா ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு வடக்குல மேடம் சொன்னாங்க, தெற்குல யாரும் சொல்லல.

அடுத்தது மதிப்பு ஒட்டிக்கிட்டு வர்ற பொறி. வடக்குக்கு 5 சதவீதம் போட்டோம். தெற்குக்கும் 5-ஆ, இல்ல தெற்குக்குன்னு இருக்குற சதவீதமா? "அவன் தன் வீட்டுக்கு வெள்ளையடிச்சான், நானும் அதையே செஞ்சேன்"னா நான் அடிச்சது என் வீட்டுக்குன்னுதான் எல்லாரும் எடுத்துக்குவோம், அவன் வீட்டுக்குப் போய் அடிச்சேன்னு யாரும் நினைக்க மாட்டோம். ஆனா "அவன் அந்தப் பேங்க்ல கடன் வாங்குனான், நானும் அதையே செஞ்சேன்"னா அதே பேங்க்தான். ஒன்னுல பொருள் ஆளுக்குத் தகுந்த மாதிரி மாறுது, இன்னொன்னுல அப்படியே நிக்குது. ஒவ்வொரு நம்பருக்கும் இந்தக் கேள்வியைக் கேக்கணும்: இது வடக்கோடதா, இல்ல எல்லாருக்கும் பொதுவானதா? எங்க கேஸ்ல 5 வடக்கோடது, தெற்குக்கு 7. அது எங்க இருந்துச்சுன்னா மேடம் போன மாசம் அனுப்புன மெயில்ல. "அதே ரேட் போடுங்க"ன்னு சொல்லியிருந்தா 5-தான்னு நினைக்க இடம் இருக்கு, "அதே மாதிரி"ன்னு சொன்னது முறையைத்தான் சொல்லுது. எல்லாரும் இவ்வளவு கவனமா பேசுவாங்கன்னு நம்ப முடியாதுங்குறதால நம்பர் விஷயத்துல நான் எப்பவும் சொல்லிட்டுத்தான் செய்வேன்.

ஸ்ப்ரெட்ஷீட்ல வேலை பாக்குறவங்களுக்கு இந்த மாறுறது, மாறாதது கணக்கு ஃபார்முலாவுலயே கண்ணுக்குத் தெரியும்.

```
=D2*$G$1
=D2*Rates!$B$1
```

D2 காப்பி பண்ற இடத்துக்குத் தகுந்த மாதிரி நகரும், டாலர் போட்டது நகராது. முதல் ஃபார்முலாவை வடக்குல இருந்து தூக்கி தெற்கு ஃபைல்ல போட்டா தெற்கு ஷீட்டோட G1-ஐத் தேடும், அது காலியா இருந்தா தள்ளுபடி பூரா பூஜ்யம் வரும், அது நல்லது, கண்ணுல பட்டுடும். ரெண்டாவதுதான் மோசம். சதவீதம் வேற ஷீட்ல இருந்துச்சுன்னா எக்செல்ல அந்த ஃபார்முலாவை வேற ஃபைலுக்குக் கொண்டுபோகும்போது பழைய ஃபைலோட பேரையும் கூட்டிட்டு வந்துடும்:

```
=D2*[north.xlsx]Rates!$B$1
```

பாக்க எல்லாம் சரியா நம்பர் காட்டும், ஆனா வடக்கோட 5-ஐத்தான் எடுத்திருக்கும். கண்டுபுடிக்க சுலபமான வழி, ஃபார்முலாக்குள்ள `[` குறி இருக்கான்னு தேடுறது. இருந்தா பெரும்பாலும் இன்னும் பழைய ஃபைலோட தொங்கிட்டிருக்குன்னு அர்த்தம்.

மூணாவது பொறி இன்னும் ஆழமானது, செய்முறை அதேதான், விளைவு வேற. வடக்குல டூப்ளிகேட்டை பில் நம்பரை வெச்சு எடுத்தோம், ஒரே நம்பர் ரெண்டு தடவை வந்தா ஒன்னு எக்ஸ்ட்ரா. 412 வரி இருந்துச்சு, 7 போய் 405 ஆச்சு. தெற்குல அதே பட்டனை அதே காலத்துக்கு அழுத்துனா 380 வரியில 19-தான் மிஞ்சும். ஏன்னா தெற்கு கிளையில பில் நம்பர் தினமும் காலையில 1-ல இருந்து ஆரம்பிக்குது. மாசத்துல ரொம்ப ஓடுன நாள்ல 19 பில்லு போட்டிருக்காங்க, அதனால 1-ல இருந்து 19 வரைக்கும் ஒவ்வொன்னு மிஞ்சுது, மிச்ச 361-ம் டூப்ளிகேட்டுன்னு போயிடும். அங்க தேதியும் பில் நம்பரும் சேந்து ஒன்னா இருந்தாத்தான் டூப்ளிகேட். அழிக்கிறதுக்கு முன்னாடி பக்கத்துல ஒரு காலம் போட்டு எண்ணிப் பாத்துக்கலாம், A-ல தேதி, B-ல பில் நம்பர்னு வெச்சுக்கிட்டா:

```
=COUNTIFS(A:A,A2,B:B,B2)
```

2-ஓ அதுக்கு மேலயோ வர்றதுதான் சந்தேகம். அப்படிப் பாத்தா தெற்குல நிஜமா எக்ஸ்ட்ரா இருந்தது 4 வரிதான். மேடம் கேட்டது "ஒரே பில்லு ரெண்டு தடவை கணக்குல வரக்கூடாது"ங்குறதை, பில் நம்பர் காலத்துல டிக் போடுறதை இல்ல. அதே விளைவு வரணும்னா சில சமயம் வேற பட்டனை அழுத்தணும்.

5. கேக்கணுமா, செஞ்சிடலாமா

புதுசா வந்தவங்க ரெண்டு விதம். ஒருத்தர் எல்லாத்துக்கும் கேட்டுட்டே இருப்பார், இன்னொருத்தர் கேட்டா நமக்குத் தெரியாதுன்னு நினைச்சிடுவாங்களோன்னு கேக்கவே மாட்டார். நான் ரெண்டாவது ரகமா இருந்தேன்.

இப்ப நான் பாக்குறது செலவுதான். கேக்குறதுக்கு ஒரு நிமிஷம். தெற்கு வேலை முழுசும் ஒரு 40 நிமிஷம். தப்பாப் போனா, காப்பியில செஞ்சிருந்தா அந்த 40 நிமிஷம்தான் நட்டம், ஒரிஜினல்ல செஞ்சிருந்தா என்னோட மூணு மணி நேரமும் குடோன்காரங்களோட ஒரு காலையும். ஆக, திரும்ப எடுக்க முடியுற வேலை, மூணாவது படியில ஒரே ஒரு ஃபைல்தான் மிஞ்சியிருக்கு, அப்படின்னா ஆரம்பிச்சிடலாம். அழிக்கிற வேலை, அடுத்தவங்களும் எழுதுற ஃபைல், பிரிண்ட் போறது, வெளி ஆளுக்கு மெயில் போறது, இதுல எது இருந்தாலும் பதில் வர்ற வரைக்கும் காத்திருங்க.

எப்படிக் கேக்குறோம்ங்குறதும் இருக்கு. "எது மேடம்?"னு மொட்டையா கேட்டா அவங்க திரும்ப எல்லாத்தையும் சொல்லணும். "தெற்கா சரக்கா?"ன்னு கேட்டா வேலை மும்முரத்துல "ஆமா"ன்னு பதில் வரும், இல்ல ஒரு கட்டைவிரல் பொம்மை வரும், அதை வெச்சு என்ன பண்றது. செய்யப்போறதைச் சொல்லிடுங்க, தப்புன்னா அவங்க தடுப்பாங்க:

"மேடம், தெற்கு கிளை விற்பனை ஷீட்டை எடுக்குறேன். டூப்ளிகேட், தேதி, தள்ளுபடி, டோட்டல் மேல, வடக்குல இருக்குற மாதிரியே. தள்ளுபடி மட்டும் தெற்குக்கு 7 சதவீதம் போடுறேன். சரக்கு ஷீட்டைத் தொடல. வேற மாதிரி வேணும்னா சொல்லுங்க."

இதுக்கு கட்டைவிரல் வந்தாலும் அர்த்தம் ஒன்னுதான். சரக்கைத் தொடலன்னு சொல்ற அந்த வரியை விட்டுடாதீங்க. அவங்க சரக்கைத்தான் நினைச்சிருந்தாங்கன்னா அந்த வரியைப் படிக்கும்போதுதான் தூக்கிவாரிப் போடும்.

நேரமும் முக்கியம், மெசேஜ் வந்து அஞ்சு பத்து நிமிஷத்துக்குள்ள கேட்டுடுங்க. அப்பதான் அவங்க கையில ஃபோன் இருக்கும், மனசுல அந்த விஷயம் இருக்கும். ரெண்டு மணி நேரம் கழிச்சுக் கேட்டா, இவ்வளவு நேரம் என்ன பண்ணேன்னுதான் முதல்ல வரும், அதோட அவங்களுக்கே "இன்னொன்னு" எதுன்னு மறந்திருக்கும். இதுவும் நடந்திருக்கு.

6. காப்பியில செய்ங்க, எண்ணிப் பாருங்க

ஒரிஜினலைத் தொடாம காப்பி எடுத்து, பேருலயே எதுன்னு தெரியுற மாதிரி வைங்க. "final2", "new"ன்னு வெச்சா நாளைக்கு நீங்களே முழிப்பீங்க.

அழிக்கிற வேலைக்கு முன்னாடி எத்தனை வரி, பின்னாடி எத்தனை வரின்னு எழுதுங்க, வடக்கோட கணக்கையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. வடக்குல 412-க்கு 7 போச்சு, தெற்குல 380-க்கு 4 போச்சு, நம்புற மாதிரி இருக்கு. 361 போச்சுன்னா செய்முறை இங்க பொருந்தலன்னு அந்த நம்பரே சொல்லிடும். ஒன்னுமே போகலன்னாலும் சந்தேகப்படுங்க, பல சமயம் தேதி ஒரு வரியில தேதியாவும் அடுத்த வரியில வெறும் எழுத்தாவும் இருக்கும், பாக்க ஒரே மாதிரி இருந்தாலும் சேராமப் போகலாம். அதனால தேதியைச் சரி பண்ணிட்டு அப்புறம் டூப்ளிகேட் எடுங்க, வடக்குல வேற வரிசையில செஞ்சிருந்தாலும் பரவால்ல.

7. அனுப்பும்போது "இன்னொன்னு"ன்னு எழுதாதீங்க

"இன்னொன்னும் முடிஞ்சுது மேடம்"னு அனுப்பினா அதே குழப்பத்தை நாம திருப்பி அனுப்புறோம். அவங்க சரக்கை நினைச்சிருந்தா, சரி சரக்கு முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டு அதை நம்பி அடுத்த வேலைக்குப் போயிடுவாங்க, தப்பு ரெண்டு நாள் கழிச்சு வெளிய வரும். பேரைச் சொல்லுங்க, எங்கெங்க "அதே" இல்லையோ அதை மட்டும் சொல்லுங்க. நான் அனுப்புறது இப்படி இருக்கும்:

"தெற்கு கிளை விற்பனை முடிஞ்சுது. 380-ல 4 டூப்ளிகேட் எடுத்து 376. பில் நம்பர் தினமும் 1-ல இருந்து வர்றதால தேதியும் சேத்து வெச்சு எடுத்தேன். தள்ளுபடி 7. வரவேண்டிய ரெண்டு பில்லு இன்னும் வரல, வந்தா 378 ஆகும், டோட்டலும் மாறும். ஒரு கஸ்டமர் பேரு ரெண்டு விதமா இருக்கு, மஞ்சள் அடிச்சிருக்கேன், ஒரே ஆளான்னு சொல்லுங்க."

அந்த ரெண்டு பில்லு விஷயம் ரெண்டாவது படியில எழுதுன துண்டுப் பேப்பர்ல இருந்துதான் வருது, அது இல்லன்னா எனக்கு மறந்தே போயிருக்கும். பேப்பரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, தெற்குக்கு நேரா முடிஞ்சதுன்னு எழுதி வைங்க, ஏன்னா அடுத்த மெசேஜ் "ஓகே, அப்ப மிச்சத்தையும் பாத்துடுங்க"ன்னு வரும். இப்ப பேப்பர்ல மிச்சம் இருக்குறது சரக்கு மட்டும்தான், அதனால எதுங்குறதுல குழப்பமே இல்ல. ஆனா கவனிங்க, இந்தத் தடவை அவங்க "அதே மாதிரி"ன்னு சொல்லவே இல்ல, "பாத்துடுங்க"ன்னுதான் சொன்னாங்க. சரக்கு பத்திப் பேசும்போது என்ன சொன்னாங்க? ரேக் நம்பர் சரியில்லன்னு. வேலை அதுதான்.